ஒரு தேவார வீடியோ, மூன்று பதிவுகள்

[திரை: 50 விநாடி செங்குத்து வீடியோ]

வணக்கம். "மாசில் வீணையும்" பாடலுக்கு ஒரு குட்டி வீடியோ தயார். நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அப்பரை அடைத்தபோது அவர் பாடியது என்ற மரபுக் கதை முதலில் வரும். அப்புறம் பாட்டு, கடைசியில் பொருள். இதிலிருந்து ஒரு படம், ஓர் ஆடியோ, ஒரு கம்யூனிட்டி போஸ்ட் எடுக்கப் போகிறோம்.

முதலில் படம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். வீடியோவில் எழுத்து வரிவரியாக வந்து போவதால், எங்கே நிறுத்தினாலும் ஒரு வரிதான் கிடைக்கும். 1080×1350 அளவில் புதிய படம் திறந்து, நான்கு வரியையும் தட்டச்சு செய்யுங்கள்.

[திரை:]
மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

இடம் போதவில்லை என்று வரியை மடித்துவிடாதீர்கள். எழுத்தின் அளவைக் குறையுங்கள். மாசில், வீசு, மூசு, ஈசன் என்று ஒவ்வொரு வரியும் எதுகையோடு தொடங்குகிறது. மடித்தால் அந்த அழகு போய்விடும். பிழை பார்க்கவும் இதே எதுகை உதவும். வண்டுகள் மொய்ப்பதைச் சொல்லும் "மூசு", கீபோர்டின் தானியங்கித் திருத்தத்தில் "மூச்சு" ஆகிவிடலாம். வரித் தொடக்கங்களை மேலிருந்து கீழாகப் படித்தாலே அது இடறும். அடியில் சிறிதாக "அப்பர், ஐந்தாம் திருமுறை" என்று போட்டால் படம் முடிந்தது.

[திரை: எடிட்டரில் ஒலித்தடம்]

அடுத்து ஆடியோ. வாட்ஸாப்பில் சுற்றி வந்த வீடியோவிலிருந்து எடுக்காமல், எடிட்டரில் இருக்கும் மூலத்திலிருந்து ஒலியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். "திரையில் பாருங்கள்" என்று எங்காவது வந்தால் வெட்டிவிடுங்கள். கேட்பவருக்குத் தலைப்பு தெரியாது, அதனால் பாடலின் பெயரைத் தொடக்கத்தில் வாயால் சொல்லிச் சேருங்கள். வீடியோவில் "நீழலே" முடிந்ததும் காட்சி மாறிவிடும், அங்கே சட்டென்று முடிப்பது உறுத்தாது. ஆடியோவில் அது அறுந்த மாதிரி கேட்கும். சுருதி மட்டும் இரண்டு விநாடி ஒலித்துத் தேயட்டும்.

முக்கியமான ஒன்று: பாடல் பழையது, எல்லோருக்கும் பொது. ஆனால் பதிவு, பாடிய ஓதுவாருடையது. வீடியோவுக்குச் சம்மதித்தவரிடம், ஆடியோவாகத் தனியே பகிரவும் கேட்டுவிடுங்கள். அதுதான் மரியாதை.

[திரை: யூடியூபில் வாக்கெடுப்பு]

சரி, கம்யூனிட்டி போஸ்ட். பொருளை மறுபடி எழுதினால் வீடியோ பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. இறைவன் திருவடி நிழலுக்கு அப்பர் ஐந்து இன்பங்களை உவமை சொல்கிறார். யூடியூப் வாக்கெடுப்பிலும் ஐந்து விடைகள் வரை தரலாம். "தீயின் நடுவே அப்பர் நினைத்தவற்றில் உங்கள் மனத்தைத் தொட்டது எது?" என்று கேட்டு, வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று விடைகளைக் கொடுங்கள். "பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்" என்ற வரி மட்டும் வேண்டாம். அது பக்தர்களைப் பயமுறுத்தும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கமெண்டில் எழுதச் சொல்லுங்கள், வருகிற பதில்களுக்கு நீங்களே மறுமொழி எழுதுங்கள்.