முருங்கைக்கீரையில் இல்லாத வைட்டமின்

நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு என்னைப் பார்க்க வந்தார். வைட்டமின் டி அளவு 11 என்று அதில் இருந்தது. 20க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வோம். முதுகு வலி, மாடிப்படி ஏறினால் தொடை கனக்கிறது என்றார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டையும் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

அவருக்கு வருத்தம் தாங்கவில்லை. "மேடம், தினமும் கீரை செய்றேன். காலையில கேழ்வரகுக் கூழ். ராத்திரி ஒரு முட்டை. கண்டதையும் சாப்பிடுற ஆளு இல்ல நான். எனக்கு எப்படி இது வந்துச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவர் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டோம். வைட்டமின் டியை யூனிட் கணக்கில் சொல்வது வழக்கம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு.

கேழ்வரகுக் கூழுக்கு எதிரே என்ன எழுதுவது? பூஜ்யம். சாதம், இட்லி, சாம்பார், முருங்கைக்கீரை, வாழைப்பழம், கொண்டைக்கடலைச் சுண்டல், நல்லெண்ணெய், எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான். முட்டைக்கு 40. காபிக்கும் தயிருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 400 மில்லி பால் வாங்குகிறார். கறந்த பாலில் இயற்கையாக இருக்கும் வைட்டமின் டி மிகச் சொற்பம், அந்த அளவுக்கு 20 யூனிட்கூடத் தேறாது. ஆக மொத்தம், அதிகம் போனால் 60. வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு! இத்தனைக்கும் அது நல்ல சாப்பாடு. கேழ்வரகில் அவ்வளவு கால்சியம் இருக்கிறது, ஆனால் அதைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது இல்லாததால் குடித்த கூழின் பலனில் பெரும்பகுதி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஏன் இப்படி? மற்ற வைட்டமின்களில் பெரும்பாலானவற்றைச் செடிகொடிகள் நமக்காகச் செய்து வைத்திருப்பதுபோல இதை ஏன் செய்யவில்லை?

வைட்டமின் டி உருவாவதற்கு இரண்டு பொருள் சேர வேண்டும். ஒன்று, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். இன்னொன்று, அந்தக் கதிர் பட்டதும் உடையக்கூடிய ஒரு குறிப்பிட்ட கொழுப்புப் பொருள். நம் தோலில் அது இருக்கிறது. உடம்பு கொலஸ்டிரால் தயாரிக்கும்போது அதற்கு ஒரு படி முன்னால் வரும் பொருள் அது. உச்சி வெயில் தோலில் பட்டால் அது உடைந்து, உடல் சூட்டிலேயே உருமாறி, வைட்டமின் டி ஆகிவிடும். ஆடு, மாடு, கோழிக்கும் இதேதான். செடிகளிடமோ வெயில் ஏராளம், அந்தக் கொழுப்புப் பொருள்தான் கிட்டத்தட்ட இல்லை. அவற்றின் கொழுப்பு வேறு வகை. கீரையை எத்தனை மணி நேரம் வெயிலில் போட்டாலும் வாடுமே தவிர வைட்டமின் டி வராது.

விதிவிலக்குகள் உண்டு. தென் அமெரிக்காவில், குறிப்பாக அர்ஜென்டினாவில், நம்முடைய சுண்டைக்காய், மணத்தக்காளி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி வளர்கிறது. வைட்டமின் டி நம் உடம்பில் கடைசியாக எந்த வீரியமான வடிவத்துக்கு மாறுமோ, அதே வடிவம் அதன் இலையிலேயே இருக்கிறது. அதை மேய்ந்த மாடுகளுக்கு ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படிந்து, மெலிந்து செத்துப்போகின்றன. அளவு மீறினால் இது விஷம் என்பதற்கு அந்த மாடுகளே சாட்சி.

சரி, ஆட்டுக்கறியில் இருக்க வேண்டுமே, ஆடு நாள் முழுக்க வெயிலில்தானே மேய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டின் தோலில் வைட்டமின் டி உருவாகிறது, உண்மை. ஆனால் அது ரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய், உருமாறி, ஆட்டுக்கே செலவாகிவிடுகிறது. கறியில் தங்குவது கொஞ்சம். ஈரலில் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது மீனுக்கு வருவோம். மீன் தண்ணீருக்குள் வாழ்கிறது. நம்மைப்போல வெயில் காய்ந்து தேவையானதைச் செய்துகொள்வதில்லை. ஆனாலும் உலகத்திலேயே வைட்டமின் டி அதிகம் உள்ள உணவு மீன்தான். எப்படி? கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் கோடிக்கணக்கில் மிதந்து வெயில் வாங்குகின்றன. வைட்டமின் டி அவற்றில் தொடங்குகிறது. அவற்றைச் சிறு மீன் தின்கிறது, சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மீனின் கொழுப்பில் தங்கிவிடுகிறது.

அதனால் மீன் கடையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மீன் கொழுப்பை எங்கே வைத்திருக்கிறது? வட கடல்களில் கிடைக்கும் காட் மீன் சதையில் கொழுப்பு மிகக் குறைவு, பெரும்பகுதியை ஈரலில் சேர்த்து வைக்கும். அதனால்தான் அதன் சதையில் வைட்டமின் டி சொற்பமாகவும், ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயில் ஒரு டீஸ்பூனுக்கு 450 யூனிட்டாகவும் இருக்கிறது. இயற்கை உணவுகளில் இதற்கு மிஞ்சியது அரிது. வைட்டமின் டி கண்டுபிடிக்கப்பட்டதே இந்த எண்ணெயிலிருந்துதான். 1922இல் அமெரிக்காவில் மெக்கொல்லம் என்ற விஞ்ஞானி இந்த எண்ணெயைச் சூடாக்கி, அதற்குள் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏயை அழித்துப் பார்த்தார். அப்புறமும் அது எலிகளின் வளைந்த எலும்பைக் குணப்படுத்தியது. அப்படியென்றால் உள்ளே வேறொன்று இருக்கிறது என்று புரிந்தது. ஏ, பி, சி ஏற்கெனவே இருந்ததால் அடுத்த எழுத்தை வைத்தார்கள்.

சால்மன், கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் கொழுப்பைச் சதையிலேயே வைத்திருக்கின்றன. கடலில் பிடித்த சால்மன் 100 கிராமில் 1000 யூனிட் வரை இருந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் காட்டியது. பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த சால்மனில் அதில் கால்வாசிதான். இரண்டும் சால்மன்தான், ஆனால் தின்ற இரை வேறு.

நமக்குச் சால்மன் எதற்கு? மத்தி இருக்கிறது, தெற்கே சாளை என்பார்கள். எண்ணெயில் போட்ட டின் மத்தி 100 கிராமில் ஏறக்குறைய 190 யூனிட். மத்தியில் கொழுப்பு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முட்டை போட்ட பிறகு மெலிந்திருக்கும், இரை நிறையக் கிடைக்கும் மாதங்களில் கொழுத்துவிடும். கொழுத்த மத்தியைக் குழம்பு வைத்தால், புளித் தண்ணீர் கொதிக்கும்போதே சட்டியின் ஓரத்தில் மீன் நெய் தனியாக மிதக்கும். அந்த நெய்யில்தான் நாம் பேசும் பொருள் இருக்கிறது. கொதிக்க வைப்பதால் இது பெரிதாக அழியாது. எண்ணெயில் பொரித்தால்தான் நஷ்டம். அதே 2007 ஆய்வில், சூட்டடுப்பில் சுட்ட சால்மனில் கிட்டத்தட்ட முழுவதும் தங்கியது, எண்ணெயில் பொரித்ததில் பாதிதான் தேறியது. குழம்பில் அப்படி இல்லை, மீனை விட்டு வெளியே வந்தாலும் அது சாதத்தோடு உள்ளே போய்விடும்.

முட்டையிலும் இதே கதைதான். வெள்ளைக் கருவில் கொழுப்பு இல்லை, எனவே வைட்டமின் டியும் இல்லை. எல்லாம் மஞ்சள் கருவில். மேய்ந்து திரியும் கோழியின் மஞ்சள் கருவில், கொட்டகைக்குள் அடைபட்ட கோழியைவிட மூன்று நான்கு மடங்கு இருந்ததை ஜெர்மனியில் 2014இல் அளந்து காட்டினார்கள்.

அந்த அம்மா அடுத்துக் கேட்டது, "எங்க வீட்டுக்காரர் சைவம். அவருக்கு என்ன செய்யட்டும்?"

அவருக்குக் காளான். காளான் செடியும் இல்லை, பிராணியும் இல்லை. அதனிடம் எர்கோஸ்டெரால் என்ற தனிக் கொழுப்பு இருக்கிறது, அதுவும் வெயில் பட்டால் வைட்டமின் டியாக மாறும். சிக்கல் என்னவென்றால், கடையில் வாங்கும் மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் இருட்டுக் கொட்டகையில் வளர்ந்தவை. வாங்கிய நிலையில் அவற்றில் ஒன்றும் இருக்காது. இதை நாமே சரிசெய்துவிடலாம். காளானைத் துடைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, முறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். சிப்பிக் காளான் என்றால் மடிப்பு மடிப்பாக இருக்கும் அடிப்பக்கம் மேலே பார்க்கட்டும். காலை பதினொன்றுக்கு மேல் மதியம் இரண்டுக்குள் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும். 100 கிராமில் 400 யூனிட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பலிக்காது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காளானில் வருவது டி2 என்ற வகை. மீனிலும் முட்டையிலும் உள்ள டி3 அளவுக்கு ரத்தத்தில் நீடித்து நிற்காது. ஆனாலும் பூஜ்யத்துக்கு அது எவ்வளவோ மேல்.

பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் ஆங்கில எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் இருந்தால் அது செறிவூட்டிய பால். லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரை சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்த அம்மா வீட்டு 400 மில்லிக்கு 80லிருந்து 120 கிடைக்கும். கொஞ்சம்தான், ஆனால் தினமும் கிடைக்கும்.

இத்தனையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டோம். மத்திக் குழம்பு வைக்கும் நாளில் மீன் 190, பால் 100, முட்டை 40. மொத்தம் 330. அப்போதும் பாதியைத்தான் தாண்டியது. மீதிக்கு வெயில்தான் வேண்டும். அவரோ காலை ஒன்பது மணிக்குத் துணிக்கடைக்குள் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். வாரம் ஒரு நாள் விடுமுறை. சாப்பாட்டில் எந்தத் தப்பும் செய்யாத அவருக்கு 11 வந்ததன் காரணம் அங்கே இருந்தது. இப்போது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கடையின் மொட்டை மாடியில் இருபது நிமிடம் கை, கால் தெரிய உட்காருகிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சொன்ன வாரக் கணக்குப்படி போடுகிறார்.

இரண்டாவது முறை வந்தபோது பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரை கேட்டு வாங்கியதாம். லேபிளைத் திருப்பிப் படித்தோம். ஒமேகா 3 எவ்வளவு என்று இருந்தது, வைட்டமின் டி என்ற வரியே இல்லை. அது மீனின் உடம்பிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். நாம் பேசிக்கொண்டிருப்பது ஈரல் எண்ணெய். கேட்கும்போது "மீன் ஈரல் எண்ணெய்" என்றே கேளுங்கள், லேபிளில் டி எத்தனை யூனிட் என்று பாருங்கள். கூடவே வைட்டமின் ஏ எவ்வளவு என்றும் பாருங்கள். ஈரல் எண்ணெயில் அது மிக அதிகம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.