வேலையை விட்டுச் செல்பவரிடம் பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள், உரிமையை மாற்றிக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் யூடியூப் சேனலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்தச் சேனலைத் தொடங்கியவர் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். தன்னுடைய சொந்த ஜிமெயிலில் நுழைந்து, கடையின் பெயரில் ஒரு பிராண்ட் அக்கவுன்ட் உருவாக்கி, புதுச் சரக்கு வரும்போதெல்லாம் வீடியோ போட்டு வந்தார். ஜூன் 30 தான் கடைசி நாள் என்று அவர் மே மாத இறுதியிலேயே சொல்லிவிட்டார். அடுத்து ஆடித் தள்ளுபடி வருகிறது என்பதால், முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, போறதுக்கு முன்னாடி அந்த பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா."

அந்தக் கோரிக்கையில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அந்த ஜிமெயிலில் அவருடைய வங்கித் தகவல்களும் குடும்பப் புகைப்படங்களும் இருப்பதால், அதை அவர் கொடுப்பதும் சரியல்ல, கடை வாங்குவதும் சரியல்ல. அப்படியே கொடுத்தாலும், கடைக் கணினியில் அந்த பாஸ்வேர்டை அடித்தவுடன் கூகுள் உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்பது அவருடைய போனைத்தான். அவர் வேறு ஊருக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டால், சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தும் கடைக்காரர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பிராண்ட் அக்கவுன்டுக்கென்று தனி பாஸ்வேர்டு கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் கூகுள் கணக்கில் நுழைந்து, தமக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பைக் கொண்டு அதை இயக்குகிறார்கள். Manager என்பவர் வீடியோ ஏற்றலாம், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. Owner என்பவரால் அது முடியும். எல்லோருக்கும் மேலே ஒரே ஒரு Primary owner இருப்பார். நம் கடையில் மூன்று இடங்களிலும் அந்த ஒரே இளைஞர்தான் இருந்தார்.

முதல் வேலையாக, கடைக்கென்று ஒரு கூகுள் கணக்கு தொடங்கப்பட்டது. அதன் மீட்பு எண்ணாக முதலாளியின் சொந்த போன் எண்ணைக் கொடுத்து, போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை அச்சிட்டு, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் பூட்டிய அலமாரியில் வைத்தார்கள். பிறகு அந்த இளைஞர் தன் கணக்கில் இருந்தபடியே myaccount.google.com/brandaccounts என்ற பக்கத்துக்குச் சென்று, கடையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, Manage permissions வழியாகக் கடையின் மின்னஞ்சலுக்கு Owner என்ற பொறுப்புடன் அழைப்பு அனுப்பினார். இது ஜூன் 2. மறுநாள் முதலாளி அந்த அழைப்பைத் திறந்து ஏற்றுக்கொண்டார். அழைப்பை அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் நினைத்துவிடுகிறார்கள். மறுபக்கத்தில் ஏற்காதவரை அந்தப் பெயர் வெறும் அழைப்பாகவே நிற்கும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதற்கடுத்துத்தான் வருகிறது. புதிதாகச் சேர்ந்த ஓர் Owner-ஐ உடனே Primary owner ஆக்க முடியாது. அவர் Owner ஆகி 7 நாட்கள் கடந்திருக்க வேண்டும். ஜூன் 3 அன்று ஏற்றுக்கொண்டதால், ஜூன் 11 அன்று அந்த இளைஞர் அதே பக்கத்தில் கடைக் கணக்குக்கு எதிரே Primary owner என்று மாற்றினார், தடையின்றி மாறியது. இதையே ஜூன் 28 அன்று தொடங்கியிருந்தால், மாற்றும் நாள் ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கும், அப்போது வேலையில் இல்லாத ஒருவரைத் தேடிப்பிடித்து அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். மனக்கசப்போடு பிரிந்தவராக இருந்தால் அவர் அழுத்துவார் என்பதற்கு உறுதியில்லை. அதனால்தான் ராஜினாமாச் சொல் காதில் விழுந்த அன்றே இந்த அழைப்பு போய்விட வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

மாற்றிய பிறகும் அந்த இளைஞரை உடனே நீக்கவில்லை. முதலாளி தன் போனில் கடைக் கணக்கின் மூலம் நுழைந்து, சேனல் திறக்கிறதா, பொறுப்புப் பட்டியலில் Primary owner என்று தன் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்தார். முதலாளியின் மகளும் தன் சொந்தக் கணக்கின் வழியாக இரண்டாவது Owner ஆகச் சேர்க்கப்பட்டார், ஏனென்றால் ஒரே Owner-ஐ நம்பியிருந்தால் அந்தக் கணக்கு பூட்டிக்கொள்ளும் நாளில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவோம். அந்த இளைஞரை Manager ஆகக் குறைத்து, ஜூன் 30 வரை வழக்கம்போல் வீடியோ போடவிட்டு, அன்று மாலை கடை மூடும் முன் நீக்கினார்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். சேனலுக்கு விளம்பர வருமானம் வருகிறதென்றால், அந்தப் பணம் ஆட்சென்ஸ் கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கே தொடர்ந்து போகும். Primary owner மாறியதால் அது தானாக மாறாது. YouTube Studio-வின் Earn பகுதியில் கடையின் ஆட்சென்ஸ் கணக்கை இணைத்தால்தான் மாறும்.