1.33 என்று எழுதியிருந்தால்

வணக்கம். வங்கிக் கடனுக்காகத் தயாரிக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டினால், கரண்ட் ரேஷியோ, அதாவது ஓராண்டுக்குள் பணமாகும் நடப்புச் சொத்தை ஓராண்டுக்குள் கட்டவேண்டிய நடப்புக் கடனால் வகுத்தால் வரும் எண், பெரும்பாலும் 1.33 என்றே இருக்கும். 1974-ல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு, நடப்புச் சொத்தில் கால் பங்காவது நீண்டகாலப் பணத்திலிருந்து வரவேண்டும் என்று ஒரு முறை வகுத்தது. 100 ரூபாய்ச் சொத்துக்கு 75 ரூபாய் நடப்புக் கடன். அதுதான் இந்த 1.33. வங்கி எதிர்பார்க்கும் எண் ஆடிட்டருக்கும் தெரியுமே! அதனால் சரியாக 1.33 வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 30 லட்சம், வரவேண்டிய பாக்கி 45, கையிருப்பு 5. மொத்தம் 80. ஓராண்டுக்குள் கட்டவேண்டியது, வங்கியின் கேஷ் கிரெடிட் கடனும் நூல்காரருக்குத் தரவேண்டிய பாக்கியும் சேர்த்து, 60. வகுத்தால் 1.33.

இப்போது உள்ளே போவோம். பாக்கி யாரிடம், எத்தனை நாளாக நிற்கிறது என்று கேளுங்கள். 15 லட்சம் ஒரே வியாபாரியிடம் ஆறு மாதம் தாண்டி நிற்கிறது. சரக்கில் 6 லட்சம் போன சீசனில் நிறம் மாறிப்போன துணி. இரண்டையும் கழித்தால் 59. அப்புறம், மெஷின் கடனில் வரும் 12 மாதத்துக்கான தவணை 9 லட்சம். அதை நீண்டகாலக் கடனிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அது ஓராண்டுக்குள் கட்டவேண்டியதில் சேரவேண்டியது. ஆக 69. ரேஷியோ 0.86. கையில் வரும் பணத்தைவிடக் கட்டவேண்டிய பணம் அதிகம். சம்பள நாளன்றோ நூல்காரர் கேட்கும்போதோ இது வெளியே தெரிந்துவிடும்.

கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதத்துக்கு வருவோம். மெஷின் கடன் 30 லட்சம். சொந்த முதல் 40 என்று எழுதியிருக்கிறார்கள். 0.75, பார்க்க அருமை. ஆனால் அந்த 40-ல் பாதி மாமனாரும் மச்சானும் கொடுத்த கைமாற்று. வங்கிக் கடன் தீரும்வரை திருப்பிக் கேட்கமாட்டோம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தால் பல வங்கிகள் அதை முதலாகவே எடுத்துக்கொள்ளும். எழுதித் தரவில்லையென்றால் அது கடன்தான். அடுத்த கல்யாணச் செலவு வந்தால் மச்சான் கேட்கத்தானே செய்வார்? அப்போது கடன் 50, முதல் 20, விகிதம் 2.5. பொதுவாக 2 வரை வங்கிகள் தயங்குவதில்லை. அதற்கு மேல் கேள்வி வரும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முன்னே கழித்தோமே, வராத பாக்கி 15, விற்காத துணி 6, அந்த 21 லட்சமும் நட்டமானால் இந்த 20 லட்ச முதலில்தான் போகும். முதலே மிஞ்சாது. வகுக்க எண் இல்லாதபோது விகிதம் எங்கே?

மார்ச் 31 கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அதே 80-க்கு 60-ல், சேரவேண்டிய 20 லட்சத்தை அன்றைக்கே வசூலித்து நூல்காரருக்குக் கட்டிவிட்டால் 60-க்கு 40. ஒரே நாளில் 1.5 ஆகிவிடும். ஏப்ரலில் மறுபடி கடனுக்கு நூல் வாங்கினால் பழைய கதைதான். ஆகவே ஜூன், செப்டம்பர் மாதங்களில் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும், பாக்கிக்காரர் பட்டியலை நாள்வாரியாகப் பிரித்தும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர இழுத்தடித்தால், ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.