முதல் வரியில "முடியாது" இருக்கா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு சின்ன விஷயம்தான், ஆனா வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குற எல்லாருக்கும் தேவைப்படும். நிறைய போன்ல நோட்டிஃபிகேஷன்ல ஒரு வரிதான் தெரியும்ல, அந்த ஒரு வரியில நாம என்ன எழுதுறோம்ங்கிறதுதான் பேச்சு.

இந்த போனைப் பாருங்க. கேட்டரிங் பண்ற ஒருத்தர்கிட்ட ஒரு மேடம் கேக்குறாங்கன்னு வெச்சுக்குவோம்: "ஞாயிறு மதியம் 60 பேருக்கு சாப்பாடு பண்ணித் தர முடியுமா?" நம்மள்ல பாதி பேர் பதில் இப்படித்தான் போடுவோம்.

"சரிங்க மேடம், மெசேஜ் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மதியம் 60 பேருக்கு சாப்பாடு கேட்டிருந்தீங்க, அன்னைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாண ஆர்டர் இருக்கறதால எங்களால பண்ண முடியாது, சனிக்கிழமைன்னா பண்ணலாம்."

மரியாதையா இருக்கு, தப்பே சொல்ல முடியாது. இப்ப இதை இன்னொரு போனுக்கு அனுப்புறேன். வந்துடுச்சு. என்ன தெரியுது? "சரிங்க மேடம், மெசேஜ் பார்த்தேன். ஞாயி..." அப்புறம் மூணு புள்ளி. அவ்வளவுதான். அந்த மேடம் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்காங்க, ஓரக்கண்ணால பாக்குறாங்க. "சரிங்க"ன்னு இருக்கு, ஞாயிறுன்னும் இருக்கு. ஆர்டர் ஓகேன்னு நினைச்சு போனைக் கவுத்து வெச்சுடுவாங்க. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "காலைல எத்தனை மணிக்கு வருவீங்க?"ன்னு கேப்பாங்க பாருங்க, அங்க இருக்கு சண்டை.

இதுல தமிழுக்குன்னே ஒரு வம்பு இருக்கு. இங்கிலீஷ்ல "வீ காண்ட்"னு ஆரம்பத்துலயே மறுப்பு வந்துடும். நமக்கு வினை கடைசியில. நாள், நேரம், ஆள் கணக்கு, காரணம் எல்லாம் முன்னாடி வரிசையா வந்து, முடியுமா முடியாதாங்கிறது வாக்கியத்தோட வாலுல வரும். பிரிவ்யூ வெட்டுறது சரியா அந்த வாலைத்தான். எழுத்தும் அகலம், "கேட்டிருந்தீங்க"ன்னு ஒரே வார்த்தை பாதி வரியைத் தின்னுடும். மடிச்சு நிக்கிற நோட்டிஃபிகேஷன்ல நாலஞ்சு வார்த்தை வந்தாலே பெருசு. விரலால கீழ இழுத்தா மிச்சம் தெரியும்தான், ஆனா பதில் கிடைச்சுடுச்சுன்னு நினைக்கிறவங்க ஏன் இழுக்கப் போறாங்க?

அமெரிக்க ராணுவத்துல இதுக்கு "பிளஃப்"னு பேரு, முடிவை முதல்ல சொல்லுங்கிற விதி. அவங்களுக்குப் பத்தியோட கடைசியில இருக்கறதை மேல கொண்டு வந்தா போதும். நாம வாக்கியத்தையே திருப்பணும். அது ஒண்ணும் கஷ்டமில்ல, பேசும்போது தினமும் பண்றதுதான். "வர முடியாதுப்பா நாளைக்கு"ன்னு சொல்றோம்ல? அதையே டைப் பண்ணுங்க:

"ஞாயிறு முடியாதுங்க மேடம், சனி முடியும். ஞாயிறு ஒரு கல்யாண ஆர்டர் எடுத்துட்டோம். சனிக்கு 60 பேர் ஓகேன்னா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க."

இப்ப பாருங்க, "ஞாயிறு முடியாதுங்க மேடம், சனி..." வெட்டினாலும் மறுப்பு தப்பிச்சிடுச்சு. எடுத்த எடுப்புல முடியாதுன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதான்னு கேப்பீங்க. அந்த "ங்க"வும் "மேடம்"மும் அதுக்குத்தான். வணக்கம், நன்றி எல்லாம் பின்னாடி வரட்டும், யாரு வேண்டாங்கிறா. ஆனா மறுக்கப் போறீங்கன்னா "சரிங்க", "ஓகே சார்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. நமக்கு அது "ம்" கொட்டுற மாதிரி, படிக்கிறவங்களுக்கு அது சம்மதம்.

அப்புறம் துண்டு துண்டா அனுப்புறவங்க. விஷயத்தை முதல் மெசேஜ்ல கரெக்டா போட்டுட்டு, தனியா இன்னொரு மெசேஜ்ல கும்பிடு எமோஜியோட "நன்றி மேடம்"னு அனுப்புவாங்க. சாட் லிஸ்ட்ல தெரியறது கடைசி மெசேஜ்தான். "நன்றி மேடம்" மட்டும் நிக்கும். எதுக்கு நன்றி? ஆர்டர் கிடைச்சதுக்குத்தான்னு அவங்க எடுத்துக்குவாங்க. ஒரே மெசேஜா அனுப்பிடுங்க.

மெயில்லயும் இதே கதைதான், கொஞ்சம் இடம் கூட. ஐபோன் மெயில் ஆப்ல பிரிவ்யூ வழக்கமா ரெண்டு வரி வரும், செட்டிங்ஸ்ல அஞ்சு வரைக்கும் கூட்டலாம், சுத்தமா எடுத்தும் விடலாம். படிக்கிறவங்க எதை வெச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம்" அந்த ரெண்டு வரியையும் முழுங்கிடாம பாத்துக்கங்க.

ஒரே ஒரு இடத்துல இதைத் தலைகீழா பண்ணணும். முதல் வரி லாக் ஸ்க்ரீன்லயும் தெரியும். அதை மறைக்கிற செட்டிங் அவங்க போன்ல இருக்கு, நம்ம கையில இல்ல. போன் மேசை மேல கிடக்கும், பக்கத்து சீட்காரர் படிப்பார். ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளப் பாக்கி, வீட்டுப் பிரச்சனை இதெல்லாம் முதல் வரியில விஷயத்தை உடைக்காதீங்க. "ரிப்போர்ட் வாங்கிட்டேன்க்கா, தனியா இருக்கும்போது கூப்பிடுங்க"ன்னா போதும். அவங்க என்ன செய்யணும்ங்கிறது அதுலயே வந்துடுது.