அம்மாவுக்கு நாலு வரி
(ஊர் நூலக ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பந்தலும் மோரும் தந்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். தாய்க்குப் பாடும் ஒப்பாரியில் எதுகை, எளிய சொல், ஆண்கள் ஏன் பாடுவதில்லை என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்" என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பாட்டி தவறிவிட்டார். மகன் வசதியானவர். "அருந்தவக் கொழுந்தே, அணையாப் பெருஞ்சுடரே" என்று ஆள் உயர பிளெக்ஸ் வைத்துவிட்டார். அதை வாசித்தவர் ஒருவரும் இல்லை, படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ரேடியோ செட்டில் பாட்டு அலறுகிறது. திருப்பூரிலிருந்து மகள் வந்து இறங்கினாள். அவள் வாயசைவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். செட்டுக்காரன் முறைத்தான். "வாடகையை நான் தருகிறேன், உட்காருடா" என்றார். அப்போதுதான் கேட்டது:

வாசலிலே நெல்லுகாயுது – என்னப் பெத்த அம்மா
வாரிக் கொட்டக் கையில்லையே
ஆசையா நான் வந்தேனே – என்னப் பெத்த அம்மா
வான்னு சொல்ல வாயில்லையே

செட்டுக்காரனே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்!

பாருங்கள், வாசல், ஆசை: இரண்டாம் எழுத்துச் சகர வரிசையில் நிற்கும் எதுகை. வாசல், வாரி: மோனை. கையில்லையே, வாயில்லையே: இயைபு. "என்னப் பெத்த அம்மா" என்ற விளி மூச்சு வாங்க இடம் தருகிறது. அந்த நேரத்தில்தான் அடுத்த அடி மனத்தில் கூடுகிறது. நெல் காய்வது அன்று வாசலில் கண்ணில் பட்டது. வீட்டில் இருப்பதை எடுத்து, அதைக் கவனிக்க ஆளில்லை என்று முடிப்பதே பாட்டின் கட்டு. அகராதி புரட்ட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை.

பட்டினத்தார் தாய்க்குப் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டிலும் முன்னை, பின்னை, அன்னை என்று மூன்றடி எதுகை கச்சிதமாக வருகிறது. "யானுமிட்ட தீ" என்று தன் முறை வரும் நாலாம் அடியில் குறில் நெடிலாகி எதுகை தளர்கிறது. துறவிக்கே அங்கே குரல் உடைந்தது என்று நான் சொல்வேன். புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆகவே இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்: சாவு வீட்டில் பெண்கள் பாடும் நேரம் செட்டை நிறுத்துங்கள். மூட மூட ரோகம், ஐயா! இந்த நூலகத்தில் ஒப்பாரிக்கென ஒரு நோட்டுப் போடுங்கள். பாடியவரிடம் அனுமதி கேட்டு எழுதுங்கள். சாவு வீட்டில் போனை நீட்டாதீர்கள். பதினாறு கழிந்த பிறகு போய்க் கேளுங்கள். அடிகளைத் திருத்தாதீர்கள், "பெத்த" என்றால் "பெத்த" என்றே எழுதுங்கள்.

ஆண்கள் விஷயம்... துண்டுச்சீட்டு வந்துவிட்டது. நோட்டு வாங்கித் தருவதாகப் பொருளாளர் தலையாட்டுகிறார். நன்றி, வணக்கம்.