குக்கர் மூடியைத் திறக்கவா, வேணாமா? ஒரு அரபி மேனுவலோட 2 நாள்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் மக்களே. இன்னைக்கு முகம் கொஞ்சம் கடுகடுன்னு இருந்தா மன்னிச்சுக்கோங்க. ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் ஒரு பிரஷர் குக்கரோட சண்டை. சமைக்கிற குக்கர் இல்ல, குக்கர் மேனுவல்.

ஒருத்தர் ஒரு ஃபைல் அனுப்பினாரு. 14 பக்கம், எலெக்ட்ரிக் குக்கரோட மேனுவல். இங்கிலீஷ்ல இருந்து மெஷின் அரபியாக்கி வச்சிருக்கு. "சும்மா ஒரு பார்வை பாத்துட்டு ஓகே சொல்லுங்க மேடம், 1 மணி நேர வேலை"ங்கிறாரு. இந்த "சும்மா ஒரு பார்வை"ங்கிற வார்த்தையைக் கேட்டா எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும்.

படிச்சுப் பாத்தா அரபி நல்லாத்தான் இருக்கு. அதுதான் கடுப்பே. முன்னாடியெல்லாம் மெஷின் மொழிபெயர்ப்பு நொண்டும், நொண்டுற இடத்துல நின்னு பாத்தா போதும். இப்ப வழவழன்னு ஓடுது, அந்த ஓட்டத்துலயே தப்பும் சேர்ந்து ஓடிப்போயிடுது. அதனால இந்த மாதிரி வேலைக்கு நான் மூணே மூணு விஷயத்தைத்தான் தனியா உக்காந்து பாப்பேன். எங்கெல்லாம் "இல்ல, கூடாது" வருது, எங்கெல்லாம் "ஆனால், இருந்தால்" வருது, எங்கெல்லாம் "அது, அதை" வருது.

7ஆம் பக்கத்துக்கு நேரா வந்துடறேன். இங்கிலீஷ்ல என்ன இருக்குன்னா, பின் கீழ இறங்கியிருந்தால் தவிர மூடியைத் திறக்காதீங்க. குக்கர் மேல சின்னதா ஒரு பின் இருக்கும், உள்ள பிரஷர் இருக்கிற வரைக்கும் அது மேல நிக்கும், பிரஷர் போனதும் டப்புனு இறங்கும். மெஷின் எழுதியிருக்கிறது: "லா தஃப்தஹில் கிதாஅ இதா நஸலத் தப்பூஸ்". அப்படின்னா "பின் இறங்கினால் மூடியைத் திறக்காதீங்க". புரியுதா? பின் மேல நிக்கும்போது, உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது, திறக்கலாம்னு ஆயிடுச்சு! "இல்லா இதா"ன்னு வரணும். "இல்லா"ன்னா அரபில "தவிர", அந்த ஒத்தச் சொல்லு காணோம். இலக்கணம் சுத்தம், எழுத்துப்பிழை ஒண்ணு கிடையாது. அரபி மட்டும் படிக்கிற ஒருத்தர் "அட, ஏதோ காரணம் இருக்கும்"னு தாண்டிப் போயிடுவார்.

இதை எப்படிப் பிடிச்சேன்னா, எங்க வாப்பா சொல்லிக்குடுத்த வழிதான். ஒவ்வொரு அரபி வாக்கியத்தையும் வாய்விட்டுத் தமிழ்ல சொல்லிப் பாக்கறது. இங்கிலீஷ்ல இல்ல, தமிழ்ல. ஏன்னா அரபில எதிர்மறைக்கு நாலஞ்சு சொல் இருக்கு, இங்கிலீஷ் அதையெல்லாம் ஒரே 'நாட்'ல அடைச்சிடும். தமிழ் அடைக்காது. பாருங்க: "லம் யத்ஹப்", போகலை. "லன் யத்ஹப", போகமாட்டான். "லா யத்ஹபு", போறதில்லை. "லா தத்ஹப்", போகாதே. நாலுக்கும் நம்மகிட்ட தனித்தனி முடிவு ரெடியா இருக்கு. மதரஸா இலக்கணப் பாடத்துல உதாரணத்துக்கு ஸைத் அம்ரை அடிச்சான், ஸைத் அம்ரை அடிச்சான்னு வருஷம் பூரா அடிவாங்கினதுக்குப் பதிலா இந்த நாலையும் முதல் நாளே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்!

அதே 7ஆம் பக்கத்துல, மூடி பூட்டலைன்னா குக்கர் ஓடாதுன்னு ஒரு வரி. மெஷின் "லன்"னுக்குப் பதிலா "லம்" போட்டிருக்கு. தமிழ்ல சொன்னதும் இடிக்குது: "பூட்டலைன்னா குக்கர் ஓடலை". ஓடாது எங்க, ஓடலை எங்க! எழுத்துல பாத்தா ஒரு மீம், ஒரு நூன், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணு ஏமாறும், வாய் ஏமாறாது.

ஒரு நிமிஷம். நான் ஆரம்பத்துலயே சொல்ல வேண்டியதை விட்டுட்டேன், அந்த PDF கூத்து. இதுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் போச்சு, அதனால கேட்டே ஆகணும் நீங்க.

முதல்ல எல்லா "லா"வையும் தேடி எடுத்துடலாம்னு Ctrl+F போட்டு "லா" அடிச்சேன். 0. ஒண்ணுமே இல்லையாம். கண்ணு முன்னாடி மூணு "லா" முழிச்சுக்கிட்டு நிக்குது! கீபோர்டை மாத்தினேன். ஃபைலை மூடித் திறந்தேன். உம்மா வந்து "நேத்து நீ கம்ப்யூட்டர் மேல டீ ஊத்தினியே, அதா இருக்கும்"னாங்க. டீ ஊத்தினது மவுஸ் மேட் மேலங்க. கடைசியில என்னன்னா, லாமும் அலிஃபும் சேர்ந்து வர்றப்போ ஒட்டி ஒரே உருவமா எழுதுவோம்ல, சில PDF அந்த ஒட்டின உருவத்தை ஒரே எழுத்தா உள்ள வச்சிருக்கும். நான் அடிக்கிறது ரெண்டு எழுத்து. ரெண்டும் பொருந்தாது. வேர்ட் ஃபைல் கேட்டு வாங்கினேன், உடனே வந்துச்சு.

வந்தது சரி, 300க்கு மேல வந்துச்சு! ஏன்னா "கிலால்", "ஸலாம்" மாதிரி சொல்லுக்குள்ள எல்லாம் லாம்-அலிஃப் இருக்கு. சரி, முன்னாடி பின்னாடி இடைவெளி விட்டுத் தேடலாம்னா, "வலா", "ஃபலா"ன்னு வாவும் ஃபாவும் ஒட்டிக்கிட்டு வர்றது எல்லாம் தப்பிச்சுடும். ஆக மூணு தடவை தேடணும். இல்லைன்னா நான் செஞ்ச மாதிரி செய்யுங்க: தெருமுனைக் கடையில பக்கம் 3 ரூபான்னு 14 பக்கம் பிரின்ட், 42 ரூபாய், சிவப்பு ஹைலைட்டர் ஒண்ணு. என் பழைய கடையில பக்கம் 5 ரூபா வாங்கினாங்க இத்தனை வருஷமா! 28 ரூபாய் மிச்சம். அந்த சந்தோஷத்துலதான் மீதி வேலையே ஓடுச்சு.

சிவப்பு போடும்போது ஒரு ஜாக்கிரதை. "லா யஸாலு"ன்னு ஒண்ணு வரும். "லா" இருக்கே, எதிர்மறைன்னு நினைச்சா போச்சு. "லா யஸாலுல் புகாரு யக்ருஜ்"னா ஆவி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. "மழை இன்னும் ஓயலை"ன்னு நாம சொல்றோம்ல, அதேதான். "இல்ல"ன்னு எண்ணிக்கை மட்டும் பாத்து சரிபாக்கறவங்க இங்க விழுவாங்க.

சரி, நிபந்தனை. இதுல நம்ம ஆளுங்களே ஒரு தப்பு பண்ணுவாங்க. "இதா தஸர்ரபல் புகார்", ஆவி கசிந்தால். இங்க "தஸர்ரப" இறந்தகால வடிவம். "இனிமே நடக்கப்போறதுக்கு ஏன் இறந்தகாலம்? தப்பு"ன்னு புதுசா வர்றவங்க சிவப்பு போடுவாங்க. தப்பே இல்லை. நாமளும் நாளைக்கு "வந்தால்"னுதானே சொல்றோம், "வருவால்"னா சொல்றோம்? தப்பு வேற இடத்துல இருந்துச்சு. ரெண்டு இடத்துல மெஷின் "இதா"வுக்குப் பதிலா "லவ்" போட்டிருக்கு. "லவ்"னா பெரும்பாலும் நடக்காத ஒண்ணு, "கசிந்திருந்தால்". கசிந்திருந்தால் ஸ்விட்சை அணைங்கன்னு யாராவது சொல்வாங்களா?

இன்னொண்ணு "ஃப". நிபந்தனைக்கு அப்புறம் வர்றது ஒரு கட்டளைன்னா, அது முன்னாடி "ஃப" ஒட்டணும். மெஷின் பாதி இடத்துல விட்டுடுச்சு. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. "பின் இறங்கலைன்னா, ஆவியும் வந்துக்கிட்டு இருந்தா, காத்திருங்க, மூடியைத் தொடாதீங்க"ன்னு நீளமா போற வாக்கியத்துல, நிபந்தனை எங்க முடியுது, செய்யச் சொல்றது எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுற வேலி அந்த "ஃப"தான். அரபில நிறுத்தற்குறியை நம்பி உக்கார முடியாதுங்க.

இப்ப சுட்டுப்பெயர். இங்கதான் என் தமிழ் வைத்தியம் பலிக்கலை, அதையும் சொல்லிடறேன். 11ஆம் பக்கம்: மூடி சரியா மூடலைன்னா, மூடியில இருந்து கேஸ்கெட்டைக் கழட்டி அதைப் பாருங்க, அது கிழிஞ்சிருந்தா அதை மாத்துங்க. மெஷின் அரபியைத் தமிழ்ல சொல்லிப் பாத்தேன்: "அதைப் பாருங்க, அது கிழிஞ்சிருந்தா அதை மாத்துங்க." அட, சரியா இருக்கே! தாண்டிப் போயிட்டேன். நிஜமாவே போயிட்டேன்.

ராத்திரி படுத்தப்புறம்தான் உறுத்துச்சு. அரபில மூடி, "கிதாஉ", ஆண்பால். கேஸ்கெட், "ஹல்கா", பெண்பால். நமக்கு ரெண்டும் "அது"தான். எழுந்து வந்து பாத்தா, "வஃப்ஹஸ்ஹு", "கான முமஸ்ஸகன்", "இஸ்தப்தில்ஹு". மூணும் ஆண்பால்! கடைசியில ஒட்டுற "ஹு" ஆண்பால் "அதை", "ஹா" பெண்பால் "அதை". பக்கத்துல இருந்த மூடியைப் பிடிச்சுக்கிச்சு மெஷின். கிழிஞ்ச மூடியைத் தூக்கிப்போட்டுப் புது மூடி வாங்குங்கங்குது. "வஃப்ஹஸ்ஹா", "கானத் முமஸ்ஸகதன்", அப்புறம் "ஃப" சேர்த்து "ஃபஸ்தப்தில்ஹா"ன்னு வரணும். முதல் "ஹு" தப்பினா பின்னாடியே வினைச்சொல்லும் பெயரடையும் சேர்ந்து தப்பும், அதனால ஒண்ணை மட்டும் திருத்திட்டு நிறுத்திடாதீங்க. நான் அந்தப் பக்கத்துல "ஹு"வுக்கும் "ஹா"வுக்கும் பச்சை போட்டு, ஒவ்வொண்ணுல இருந்தும் அது சுட்டுற சொல்லுக்கு ஒரு கோடு இழுத்தேன். கோடு போய் நிக்க இடம் இல்லைன்னா தப்பு. ரெண்டு இடத்துல நிக்க முடிஞ்சா, சுட்டுப்பெயரை எடுத்துட்டுப் பேரையே எழுதிடறது.

அதுல ஒரு ஸ்க்ரூ விஷயம். ஸ்க்ரூக்களைக் கழட்டி அவற்றைக் கழுவாதீங்கன்னு இருக்கிற இடத்துல "ஹா" வந்திருக்கு, பன்மைக்கு ஏன் ஒருமைப் பெண்பால்னு நினைக்க வேணாம். மனுஷங்க அல்லாத பன்மைக்கு அரபி அப்படித்தான் போடும். ஆனா அதே வாக்கியத்துல ஹல்காவும் இருந்துச்சு, கழுவக்கூடாதது ஸ்க்ரூவா கேஸ்கெட்டான்னு தெரியலை. அங்க பேரை எழுதிட்டேன்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் நான் திருத்தலை. 12ஆம் பக்கம், இங்கிலீஷ்லயே குழப்பம்: எல்லாப் பாகங்களும் டிஷ்வாஷர்ல போட முடியாது. எதையுமே போடக்கூடாதா, இல்ல சிலதை மட்டுமா? அரபில "குல்லு" முன்னாடி வந்து "லைஸ" பின்னாடி வந்தா எதுவும் கூடாது. "லைஸ" முன்னாடி வந்தா சிலது ஆகும், சிலது ஆகாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது நான் இல்ல, குக்கர் செஞ்சவங்க. கேட்டு அனுப்பினேன்.

இப்ப பேசிக்கிட்டு இருக்கும்போதே பதில் வந்திருக்கு, இருங்க... "மூடியும் உள்பாத்திரமும் போடலாம், மத்தது கூடாது மேடம்." அப்ப "லைஸத் குல்லுல் அஜ்ஸாஇ"தான். அடுத்த வரி, "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சா?"ங்கிறாரு.