19-ஆம் விதி

வணக்கம். தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது என் வேலை, பல வருடங்களாகச் செய்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு விதியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். பட்டியலில் அதற்கு 19-ஆம் இடம். அங்கே இருந்ததால்தான் அது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

பெரிய ரசாயன டேங்குகள் இருக்கிற ஓர் இடம். டேங்கைக் காலி செய்து, உள்ளே ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு 22 விதிகள் இருந்தன. நான் அவற்றை ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டி ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். ஹெல்மெட், ஷூ, கையுறை, பெர்மிட் இல்லாமல் இறங்கக் கூடாது... இவ்வளவுதான் வந்தது. 19-ஆவதை ஒருவர்கூட எழுதவில்லை. அது என்ன தெரியுமா? "முறையான சாதனங்களின்றி மீட்புப் பணியில் ஈடுபடுதல் தடை செய்யப்பட்டுள்ளது."

இதைச் சாதாரணப் பேச்சில் சொன்னால், உள்ளே ஒருத்தர் விழுந்து கிடந்தால் நீங்கள் உள்ளே இறங்காதீர்கள் என்று அர்த்தம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட மூடிய இடங்களில் செத்துப்போனவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், முதலில் விழுந்தவர்களைவிடக் காப்பாற்ற ஓடியவர்கள் அதிகம். அப்படிப்பட்ட விதி, ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் கீழே, அதே எழுத்து அளவில், 19-ஆவதாக உட்கார்ந்திருந்தது. வரிசை போட்டது நான்தான், அதனால் அந்தத் தவறு என்னுடையது.

சரி, எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். முதல் வேலை, 22-ஐயும் இரண்டு கேள்விகளால் சலித்தது. இந்த விதியை ஒரே ஒரு தடவை மீறினால் ஆள் போய்விடுவானா? அந்த நேரத்தில் நம் மனசு இந்த விதிக்கு எதிராக இழுக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தவை மூன்றே மூன்று. மற்ற 19 விதிகளையும் தூக்கி எறியவில்லை, அவற்றை பெர்மிட் தாளில் டிக் போடுகிற இடத்துக்கு அனுப்பினேன். தாளைப் பார்த்துச் செய்ய நேரம் இருக்கிற விஷயங்கள் தாளிலேயே இருக்கலாம். கண் எதிரே நண்பர் சுருண்டு விழும்போது யாரும் தாளைப் புரட்ட மாட்டார்கள், அந்த நேரத்துக்கு வேண்டியது மட்டும்தான் தலைக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காரணத்தைச் சொன்னேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு இது ரொம்ப முக்கியம். டேங்குக்குள் நைட்ரஜன் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் மூச்சை அடக்கினால் திணறுகிறதே, அந்த உணர்வு முக்கியமாக, உடம்பில் கரியமில வாயு சேருவதால் வருவது, ஆக்சிஜன் குறைவதால் அல்ல. நைட்ரஜனுக்குள் நாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம், கரியமில வாயு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும், அதனால் திணறவே திணறாது. ஆக்சிஜன் அடியோடு இல்லாத இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். "தலை சுற்றினால் ஏறி வந்துவிடுவேன்" என்கிறவருக்கு அந்தத் தலைசுற்றலே வராமல் போகலாம். "மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தூக்கிவிடுவேன்" என்பார்கள். ஓர் ஆளைத் தூக்குகிற முயற்சியில் மூச்சு விடாமல் யாராலும் இருக்க முடியாது. இதைக் கேட்ட பிறகு அது வெறும் தடையாகத் தெரியாது. உள்ளே கிடப்பவரை விழவைத்த அதே காற்று அங்கேயே இருக்கிறது என்பது மனதில் பதியும்.

மூன்றாவது, வாக்கியத்தையே மாற்றினேன். "தடை செய்யப்பட்டுள்ளது" என்றால் கை என்ன செய்யும்? பதறுகிற கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அதனால் இப்படி எழுதினோம்: "உள்ளே ஆள் விழுந்தால், நான் வெளியே நிற்பேன், அலாரம் அடிப்பேன், வின்ச்சைச் சுற்றுவேன்." இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற இந்த அமைப்பு முக்கியம். கண்ணில் படுகிற காட்சியே அடுத்த செயலை இழுத்துக்கொண்டு வரும்.

அப்புறம் ஒன்று. அந்த வாக்கியத்தில் வின்ச் இருக்கிறது, பார்த்தீர்களா? கயிற்றைச் சுற்றி ஆளை மேலே இழுக்கிற கருவி அது. இறங்குகிறவர் உடம்பைச் சுற்றி ஹார்னஸ் பட்டை போட்டு, அதில் கயிறு மாட்டி, மேலே முக்காலியில் வின்ச் நின்றால்தான் அந்த விதிக்கு உயிர். வின்ச் இல்லாத இடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தால், நண்பர் சாவதைச் சும்மா நின்று பாருங்கள் என்று சொல்வதாக ஆகிவிடும், அதை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது. அதனால் வின்ச் வரும்வரை டேங்கில் ஆள் இறக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் வகுப்பே எடுத்தேன்.

நான்காவது, கேள்வி கேட்பது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள்தான் முந்தி, அவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம், பார்க்காமல் எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. வகுப்பு முடிந்த கையோடு வைக்கிற தேர்வு நம்மை ஏமாற்றுவது இதனால்தான். அதிலும் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வு இன்னும் மோசம், சரியான பதிலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும், டேங்க் வாயில் அப்படி யாரும் நான்கு பதிலை நீட்ட மாட்டார்கள்.

அதனால் நான் அறையை விட்டு வெளியே வந்தேன். டேங்க் வாய்க்கே கூட்டிப்போய், ஹார்னஸ் மாட்டிய ஒரு பொம்மையை முன்கூட்டியே உள்ளே இறக்கி வைத்து, "இவர் விழுந்துவிட்டார், பதில் பேசவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். எதையும் சொல்லிக்கொடுக்கும் முன்பே கேட்டேன். முதல் ஆள், நல்ல அனுபவசாலி, யோசிக்காமல் ஏணியில் காலை வைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள். அவரைத் திட்டவில்லை, அந்த மனசு நல்ல மனசு. காரணத்தைச் சொன்னேன், வாக்கியத்தைச் சொன்னேன், பிறகு ஒவ்வொருவரும் வாயால் சொல்லி, அலாரம் அடித்து, வின்ச்சைச் சுற்றிப் பொம்மையை மேலே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதம் கழித்து ஒரு தடவை, வேலைக்கு நடுவில் போய் அதே கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த ஏணிக்காரர் மாதம் கழித்து என் கேள்வி முடியும் முன்பே கையை வின்ச் பக்கம் நீட்டினார்.

சுவரில் ஒட்டுகிற போஸ்டர்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்: அலுவலகச் சுவரில் ஒட்டியதை டேங்க் வாய்க்கு மாற்றுங்கள், ஏணியில் கால் வைக்கிறவர் கண்ணுக்கு நேராக, அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.